அறிமுகம் செய்தவர் பெயர்

ஒரு விதியைத் தெளிவாக எழுதி, எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்திவிட்டால் அநியாயத்துக்கு இடமே இருக்காது என்று நீங்களும் நம்புகிறீர்களா?

பெர்சிஸ் நம்பினாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் வீரபாகு நடத்தும் டிரைவிங் ஸ்கூலில், ஒன்பது வருடமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். வயது நாற்பத்தெட்டு. விண்ணப்பம் நிரப்புவது, எல்.எல்.ஆர். தேர்வுக்குத் தேதி எடுப்பது, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கோப்பு அனுப்புவது, யார் எந்த நேரத்தில் எந்த வண்டியில் என்று பலகையில் எழுதுவது எல்லாம் அவள் வேலை. சாலைக் குறியீடுகளை வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சுவரில் மாட்டிய படத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். முதலாளியும் டீச்சர் என்றார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை.

புருஷன் ஸ்டான்லி மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து, முதுகுத்தண்டு விலகி, ஐந்து வருடம் முன்பு திரும்பி வந்தவர். அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மகள் ஷாரோன் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருடம். வீடு நடப்பது பெர்சிஸ் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியில்தான். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அவள் செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் ஏன் செய்தாள் என்பது புரியும்.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். டிரைவிங் ஸ்கூலுக்கு மட்டும் திண்டாட்டம். சாலை முழுக்க வெளியூர்க் கார்கள். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவரை அந்த நெரிசலில் இறக்கிவிட முடியாது. இலஞ்சிப் பக்கத்து வயல் ரோடுகளில் ஒதுங்கித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று ஆட்களும் தள்ளிப்போடுவார்கள். அந்த வருடம் வைகாசிக் கடைசியில் வீரபாகு ஒரு யோசனையோடு வந்தார். ஏற்கெனவே படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் கூட்டாளிகளைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு ஏதாவது கொடுப்பது. நாலு பேரைக் கூட்டி வந்தால் கார் ஃப்ரீ என்று ஒரு போர்டு எழுதி வைத்துவிடலாம் என்றார்.

பெர்சிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. காரையே இனாமாகத் தருகிறோம் என்று நினைத்து நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்றாள். வீரபாகு சிரித்துவிட்டார். அவர் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு இருபது வருடம் லாரி ஓட்டிய மனுஷர். பேச்சில் கறார், மனதில் அவ்வளவு இல்லை.

"அப்ப நீங்களே எழுதுங்க டீச்சர். போன்ல பேசுற மாரி எழுதுங்க. நீங்களே பேசிருங்க."

அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதினாள். அவளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பாத்திரக்கடையில், மூன்று பேரைக் கூட்டி வந்தால் மிக்ஸி என்று சொன்னார்கள். அவள் தன் அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி மூவரையும் கூட்டிப் போனாள். கடைசியில், கூட வந்தவர்கள் வாங்கிய தொகை போதாது என்று கைவிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதை யாரும் முன்னால் சொல்லவில்லை. நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கும் எதையும் அன்றிலிருந்து அவளால் சகிக்க முடிந்ததில்லை. என்னிடம் கேட்டால், அந்தப் பொடி எழுத்தை ஒரு குற்றமாகவே சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அவள் எழுதியது இப்படி இருந்தது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டதா, வண்டி ஓட்டுகிறார்களா, கற்றுக்கொண்டது திருப்தியா என்று கேட்க வேண்டும். குறை ஏதாவது சொன்னால் அதை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அவர்களிடம் சலுகையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. திருப்தி என்று சொன்னவர்களிடம் மட்டும் அடுத்த பகுதி.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இன்னும் வண்டிக்குப் பின்னால உட்கார்ந்துதான் போறாங்களா? அவங்களை எங்ககிட்ட அனுப்புங்க. அப்படி நாலு பேர் சேர்ந்தா உங்களுக்குக் கார் பயிற்சி பதினைந்து வகுப்பு இலவசம். உங்க பேரைச் சொல்லிச் சேர்ற ஒவ்வொருத்தருக்கும், எட்டுப் போடுறதுக்கு ஒரு வகுப்பு கூடுதலா இலவசம். விதி ஐந்தே ஐந்து. அதையும் இப்பவே சொல்லிடுறேன், கேட்டுக்கோங்க."

ஒன்று, அனுப்புகிறவர் இங்கே படித்தவராக இருக்க வேண்டும். வருகிறவர் புதியவராக இருக்க வேண்டும். இரண்டு, வருகிறவர் கட்டணம் முழுவதும் கட்டி ஐந்து வகுப்பு முடித்தால்தான் கணக்கில் வருவார். மூன்று, முதல் ஆள் சேர்ந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் நாலு பேரும் சேர வேண்டும். நான்கு, இது பயிற்சி மட்டும், எல்.எல்.ஆருக்கும் டெஸ்டுக்கும் அரசாங்கத்துக்குக் கட்டுவதை அவர்களே கட்ட வேண்டும். பணமாக மாற்றித் தரமாட்டோம், வேறொருவருக்கு மாற்றவும் முடியாது.

ஐந்தாவது விதி முதலில் இல்லை; நாலே நாலு என்றுதான் எழுதியிருந்தாள். ஆனி முதல் வாரத்தில் பழைய மாணவர்கள் அருமைநாயகமும் மகாதேவனும் ஒரே பையனைத் தான்தான் அனுப்பியதாகச் சொல்லி, ஆபீசுக்குள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பலகை கீழே விழுந்தது. அன்று மாலை பெர்சிஸ் ஐந்தாவதைச் சேர்த்தாள். சேரும் படிவத்தில் 'அறிமுகம் செய்தவர்' என்ற வரியில் அந்த நேரத்தில் எழுதப்பட்ட பெயர்தான் இறுதி. பின்னால் திருத்த முடியாது.

வீரபாகு வாசித்துப் பார்த்து, கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி இருக்கு என்றார். பெர்சிசுக்குப் பெருமையாக இருந்தது. இனிமேல் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

அச்சன்புதூர் பேராச்சியை அவள் கூப்பிட்டது ஆனி இரண்டாம் வாரம். பேராச்சிக்கு முப்பத்தாறு வயது. பீடி சுற்றுகிறவள். இலையும் தூளும் வாங்கவும், சுற்றியதைக் கொண்டுபோய்ப் போடவும் நடந்து நடந்து அலுத்து, மாசியில் ஸ்கூட்டர் படிக்க வந்தவள். முதல் நாளே ஆக்சிலேட்டரை முறுக்கி வேலியில் கொண்டுபோய் விட்டு, முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தவள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு கால்கூட ஊன்றாமல் எட்டுப் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த ஆண்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கால் ஊன்றித் தோற்றவர்கள்.

"பேராச்சியா பேசுறது?" என்று பெர்சிஸ் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆமா. ஆரு?"

பெர்சிஸ் எழுதியதை எழுதியபடியே சொன்னாள். ஐந்து விதியையும் சொன்னாள். பேராச்சி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்புறம்தான் விஷயத்தை உடைத்தாள். அவர்கள் மகளிர் குழுவுக்கு லோன் தயாராகிவிட்டது. ஐப்பசியில் குட்டியானை வண்டி ஒன்று வருகிறது. குழுவிலிருக்கும் பெண்களின் காய்கறியும் தேங்காயும் தென்காசி மார்க்கெட்டுக்குப் போக. ஓட்ட ஒரு ஆள் வேண்டும். குழுவில் யாராவது அதற்குள் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அவளுக்கே மாதச் சம்பளத்துக்கு வேலை. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு டிரைவர். கார் பயிற்சிக்கு ஐயாயிரத்துச் சொச்சம் கேட்கிறார்களே என்று பேராச்சி அந்த ஆசையையே மடித்து உள்ளே வைத்திருந்தாள்.

"பதினஞ்சு வருசமா குனிஞ்சிக்கிட்டே இருக்கேன் டீச்சர். நிமிந்து உக்காந்து செய்யுத ஒரு வேல கெடச்சா போதும்."

நாலு பேரும் வந்தார்கள். ஒரே நாளில் இல்லை. லோகநாயகி முதலில், அப்புறம் மூன்று பேர், ஆனியும் ஆடியுமாக. எல்லோரும் பேராச்சியின் தெரு. புருஷன் வழியில் ஏதோ ஒரு முறையில் எல்லோரும் உறவு. ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து பெர்சிஸ்தான் படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, விலாசம், ரத்த வகை. கடைசிக்கு முந்தின வரியில் நின்று, யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டாள்.

"எங்க மயினி சொல்லித்தான்" என்றாள் லோகநாயகி.

"எந்த மயினி?"

"சுடலமுத்து அண்ணன் வீட்டு மயினி."

அந்தத் தெருவில் மயினியை, அதாவது அண்ணியை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரியாதை என்பார்கள். மயினிக்கும் பெயர் சொல்லப்படாமல் பதினாறு வருடம் பழகிவிட்டது. தபால்காரனுக்கு அவள் சுடலமுத்து வீடு. ரேஷன் கடையில் சுடலமுத்து கார்டு. பீடிக் கடையில் சுடலமுத்து பொண்டாட்டி. சுடலைமுத்து என்பவர் கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போய் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பவர். அந்த நாலு நாள்காரர் பெயரில் அந்த வீடு, அந்த அடுப்பு, அந்தப் பெண்ணின் உழைப்பு அத்தனையும் வருடம் முழுக்க நடக்கிறது. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்தவனை எங்கே போய்த் தேடுவது?

பெர்சிசுக்குத் தெரியும், அது பேராச்சிதான் என்று. தெரியாமல் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மேசைக்கு முன்னால் வேறு வேலையாக வந்த மூன்று பேர் நின்றார்கள். வெளியே யாரோ ஹார்னை அடித்துக்கொண்டிருந்தான். அந்த வரிக்குப் படிவத்தில் இருந்த இடம் ஒரு விரல் நீளம். அவள் கை 'சுடலைமுத்து, அச்சன்புதூர்' என்று எழுதியது. அடுத்தவள் வந்தபோதும் அதே பதில், அதே எழுத்து. மூன்றாவது, நான்காவது படிவங்களில் அவள் கேட்கக்கூட இல்லை, "சுடலமுத்து அண்ணாச்சி வீடுதான?" என்று தானே சொல்லிக்கொண்டு எழுதினாள். நாலு பேருக்கும் எட்டுப் போடும் வகுப்பு கூடுதலாகக் கிடைத்தது. நாலு பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள் பேராச்சி வந்தாள். தலைக்குக் குளித்து, ஊதாப் புடவை கட்டி, எல்.எல்.ஆருக்கு வேண்டிய காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். நாள் கணக்கு அவளுக்கு மனப்பாடம். இன்று எல்.எல்.ஆருக்குப் போட்டால், கையில் கிடைத்து முப்பது நாள் கழித்து டெஸ்ட், ஐப்பசிக்குள் லைசென்ஸ்.

அவள் வந்த நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் ஒரு தகராறு நடந்திருந்தது. ஒரு விண்ணப்பத்தில் பெர்சிஸ் பிறந்த தேதியை மாற்றிப் போட்டுவிட்டாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வேலைக்காகத் துபாய் போகிறவர்; வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். வீரபாகு கத்தவில்லை. மெதுவாக, கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஒருத்தி வேலை கேட்டு வந்திருக்கிறாள், இனி ஒரு தப்பு வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். பெர்சிஸ் அன்று இரவு ஸ்டான்லியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கார் சலுகை கேட்டு வந்தவர்களால் வீரபாகு ஏற்கெனவே நொந்து போயிருந்தார். ஆடி மாதம் மட்டும் பத்துப் பேர். அதில் இரண்டு பேர் பொய். ஒருவர் தன் சொந்தத் தம்பியையே, பழைய மாணவனை, புதுப் பெயரில் சேர்க்கப் பார்த்தார். அதனால் ஒவ்வொன்றையும் படிவத்தோடு ஒப்பிட்டுத் தானே கையெழுத்துப் போடுவது என்று முடிவுசெய்திருந்தார். பேராச்சியை உட்காரச் சொல்லிவிட்டு, நாலு படிவத்தையும் எடுத்து விசிறி மாதிரி மேசையில் பரப்பினார்.

"எம்மா, இதுல உம் பேரு இல்லியே. நாலுலயும் சுடலைமுத்துன்னுலா இருக்கு."

பேராச்சி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். முதலில் அவள் சிரித்தாள்.

"அது எங்க வீட்டுக்காரரு."

"அவரு இங்கன வண்டி படிச்சாரா?"

"அவருக்கு சைக்கிளே நேரா ஓட்ட வராது அண்ணாச்சி. அவரு சொல்லிக் கேட்டு ஆரு வண்டி படிக்க வருவா?"

வீரபாகுவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் விரல் ஐந்தாம் விதியில் இருந்தது. பையனின் படிவத்தில் பெயரே இல்லை என்று சொல்லி, அருமைநாயகத்துக்கும் மகாதேவனுக்கும் எந்த விதியைக் காட்டி இரண்டு பேரையும் வெறுங்கையாக அனுப்பினாரோ, அதே விதி. இந்தப் பெண்ணுக்கு மட்டும் திருத்தினால் நாளைக்கு அவர்கள் வந்து நிற்பார்கள். நியாயம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அவர் யோசித்தார். அந்த யோசனையில் தப்பும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு தகவல்தான் வேண்டியிருந்தது. அதற்காக அவர் பெர்சிஸ் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க எழுதுனதுதான? வந்த பொம்பளையள் என்ன பேரு சொன்னாவ?"

இதோ, அந்த நிமிஷம். அவள் சொல்ல வேண்டியது ஐந்து வார்த்தை. இவளைத்தான் சொன்னார்கள், எழுதினது என் தப்பு. சொல்லியிருந்தால் வீரபாகு ஒரு முறை முறைத்திருப்பார். அல்லது அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணைக் கூப்பிட்டிருப்பார். எது நடந்திருக்கும் என்று பெர்சிசுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது ஷாரோனின் பரீட்சைக் கட்டணச் சீட்டு.

"சுடலைமுத்துன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கேட்கப்பட்ட இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள்தான். அதற்குப் பின்னால் வந்த 'வீட்டு மயினி' என்ற இரண்டு வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள்.

பேராச்சி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக பெர்சிசுக்குத் தோன்றியது. ஐந்து விநாடி இருக்கலாம்.

"டீச்சர், நீங்க எனக்குப் போன் போட்டப்ப பேராச்சியான்னுதான கேட்டிய? எங்க கலியாணத்துக்கப்புறம் எம் பேரச் சொல்லி எனக்கு வந்த மொத போனு அதுதான். வீட்டுல அன்னைக்கு எல்லார்ட்டயும் சொன்னேன்."

பெர்சிஸ் பலகையைத் துடைக்க எழுந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

வீரபாகு மனம் இளகி, இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாம்மா, இந்தத் தடவை உன் பேரைச் சரியாச் சொல்லச் சொல்லு, அந்தத் தொண்ணூறு நாளைப் புதுசா ஆரம்பிச்சுக்கலாம் என்றார். பேராச்சி தலையாட்டினாள். அவள் தெருவில் வண்டி படிக்கும் வயதும் வசதியும் வீட்டில் அனுமதியும் உள்ள பெண்கள் மொத்தமே அந்த நாலு பேர்தான் என்று அவள் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரை இடுக்கிக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பும்போது கையைக் காட்டிச் சைகை செய்துவிட்டுத்தான் திரும்பினாள். பெர்சிஸ் சொல்லிக்கொடுத்தது அது.

அதற்குப் பிறகு பெர்சிஸ் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதினால் அது வழக்கமான பொய்யாகிவிடும். அவள் தூங்கினாள். வேலைக்கு வந்தாள். ஆவணியில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாள்; பாவ அறிக்கையை எல்லோருடனும் சேர்ந்து சொன்னாள். அங்கே பாவம் என்று பொதுவாகச் சொன்னால் போதும், படிவ எண் கேட்க மாட்டார்கள். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது பாருங்கள். யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் பத்து மைல் தள்ளி இருக்க, அதற்குப் பதில் கூரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைக்கலாம். பெர்சிசும் வைத்தாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளால் முடியாமல் போனது. அந்தத் தொலைபேசிப் பேச்சு. "பேராச்சியா பேசுறது?" என்று கேட்ட அந்த முதல் வரிக்கு வரும்போதெல்லாம் இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். யாராவது ஒரு பெண் தன் பெயர் கேட்டதும் கொஞ்சம் தயங்கி ஆமா என்றால், ஐந்து விதியில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவாள். ஐப்பசி பாதியில் வீரபாகுவே கவனித்துவிட்டார். தொண்டை சரியில்லையா என்று கேட்டார்.

அன்றுதான் சொன்னாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லோகநாயகி சொன்ன வார்த்தை, தான் எழுதிய வார்த்தை, மூன்றாவது நான்காவது படிவங்களில் கேட்காமலே எழுதியது, அவர் கேட்டபோது விழுங்கியது எல்லாவற்றையும்.

வீரபாகு கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா ஒரு நிமிசத்து வேல டீச்சர். படிவத்துல இருக்குற பேருதான் இறுதின்னு நீங்கதான் எழுதுனிய. எழுதுன கையே தப்பா எழுதுனேன்னு சொன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

வேலையை விட்டு நிறுத்தப்போகிறாரா என்று அவள் கேட்டாள். அவர் முகம் சுளித்தார். அந்தக் கம்ப்யூட்டர் பெண் சங்கரன்கோவிலில் வேலைக்குப் போய் ஒரு மாதமாகிறது என்றார். பயத்தில் பாதி, இல்லாத ஆளைப் பார்த்து வந்த பயம். நாளைக்கே போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, பதினஞ்சு இல்ல இருபது வகுப்பு நடத்துவோம் என்றார்.

மறுநாள் விட்டுவிட்டுப் பெய்த மழையில் பெர்சிஸ் ஸ்கூட்டரில் அச்சன்புதூர் போனாள். ஊருக்குள் நுழைந்ததும் பேராச்சி வீடு எது என்று ஒரு டீக்கடையில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு இடத்திலும் கேட்டாள். அங்கேயும் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில், வேறு வழியில்லாமல், சுடலைமுத்து வீடு என்றாள். ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய் விட்டார்.

பேராச்சி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கறுப்பு டீ போட்டுக் கொடுத்தாள். பெர்சிஸ் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கை மட்டும் இலையை வெட்டிக்கொண்டே இருந்தது.

வண்டி போன வாரமே வந்துவிட்டது என்றாள். லோன் தவணை உடனே ஓட ஆரம்பித்துவிடும், நிறுத்தி வைக்க முடியாது என்று குழுவில் சொன்னார்கள். நயினார் என்ற பையனை டிரைவராகப் போட்டுவிட்டார்கள். நல்ல பையன்தான், ஒரு வருடத்துக்குப் பேசி எழுதிக்கொடுத்தாயிற்று. அவனுக்குச் சம்பளம் போடத் தீர்மானம் வாசித்தபோது குழுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"எனக்கு ஓங்க மேல கோவமில்ல டீச்சர்" என்றாள். "ஓங்களுக்கும் வீடு இருக்கு. ஆனா அன்னைக்கு நீங்க பலகையத் துடைக்க எந்திரிச்சியள்லா, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, ஓங்களுக்குத் தெரியும்னு. தெரியாம செஞ்சிருப்பியன்னு நெனச்சிட்டு வந்திருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

இலவசப் பயிற்சிக்கு வரச் சொல்லி பெர்சிஸ் கெஞ்சினாள். வருகிறேன் என்று பேராச்சி சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்பக் கத்துக்கிட்டு எந்த வண்டிய ஓட்ட என்று கேட்டாள். பெர்சிஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் மழை விட்டது. பேராச்சி வாசல்வரை வந்து, பிரேக் ஈரமா இருக்கும், மெதுவாப் போங்க டீச்சர் என்றாள்.

கார்த்திகை முடிந்தது, மார்கழியும் முடிந்தது. பேராச்சி வரவில்லை. அவளுக்கான இருபது வகுப்பு நோட்டில் அப்படியே எழுதாமல் கிடக்கிறது. பெர்சிஸ் படிவத்தை மாற்றி அச்சடித்துவிட்டாள். அறிமுகம் செய்தவரின் சொந்தப் பெயர், அவருடைய சொந்த போன் எண் என்று இரண்டு வரி. இரண்டும் எழுதியதும் அந்த எண்ணுக்கு உடனே கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் படிவத்தை மூடுகிறாள். ஆறாவதாக ஒரு விதியும் சேர்த்தாள். எழுதியதில் தப்பு இருந்தால், எழுதியவர் வந்து சொன்னால் திருத்தப்படும், எத்தனை நாள் ஆனாலும். வீரபாகு வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நல்ல விதிகள். பேராச்சிக்குப் பிந்திப்போன விதிகள்.

நீங்களும் எங்கேயாவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்காருகிறவராக இருக்கலாம். ரேஷன் கடையோ, வங்கியோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் இடமோ. அவசரத்தில் நீங்கள் எழுதிய ஏதோ ஒரு வரியால் ஒருத்தர் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கலாம். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இதை வாசிக்கும்போது ஒரு முகம் வந்து நின்றது. இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு எழுந்திருங்கள். அந்த ஆளின் எண்ணைத் தேடி எடுத்து இன்றே கூப்பிடுங்கள். எழுதினது நான்தான், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.